பள்ளிக்கூடச் சோறு பிள்ளையை உயர்த்துமா?

"மகனுக்கு எட்டு வயது, வகுப்பிலேயே கட்டை. இப்ப பள்ளிக்கூடத்தில சோறும் முட்டையும் குடுக்கினம். உயருவானோ?"

கொஞ்சம் உதவும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். குள்ளம் பெரும்பாலும் வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதிலும்தான் விழுகிறது. பள்ளிக்கூடச் சோறு அதற்குப் பிறகு வருவது. வீட்டில் அரிசி தட்டுப்பட்ட காலத்தில் அது பிள்ளை மேலும் பின்தங்காமல் தாங்கும். விட்ட சென்ரிமீற்றர் முழுவதையும் மீட்டுத் தராது.

பெரிய பலன் அடுத்த தலைமுறையில் தெரிகிறது. இந்தியாவின் மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி 2021இல் வந்த ஆய்வு, சிறுமியாக அந்தச் சோற்றைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் முன்னால் நிற்பதைக் காட்டியது. அந்தச் சிறுமிகள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள், பிந்திப் பிள்ளை பெற்றார்கள், கர்ப்பத்தில் கிளினிக்குக்கும் போனார்கள். சோற்றுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது!

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். ஒருமுறை அளந்து முடிவெடுக்க வேண்டாம். செருப்பைக் கழற்றி, குதிக்கால் சுவரில் முட்ட நிறுத்தி, தலைமேல் கொப்பியை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதேபோல, அதே நேரத்தில் அளவுங்கள். பின்னேரம் உடம்பு சற்றுக் குறுகும். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்ரிமீற்றர் வளர்ந்தால், கட்டையாக இருந்தாலும் வளர்ச்சி ஓடுகிறது. நாலுக்கும் குறைவென்றால் கிளினிக் கார்டோடு வைத்தியரிடம் காட்டுங்கள். அது சாப்பாட்டுக் குறையாகவே இருக்கவேண்டும் என்றில்லை, தைரோயிட் குறையாகவும் இருக்கலாம்.