விமானப் பயத்துக்கு எப்போதாவது ஒரு மாத்திரை: மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

விமானம் மாலை 6 மணிக்கு. டாக்டர் அல்பிரசோலம் 0.25 எழுதித் தந்திருக்கிறார். எப்போது போடுவது?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மட்டும் வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலை தெரியும், ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சம். போர்டிங் அழைப்பு வந்ததும் போட்டால் விமானம் மேலே ஏறும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

என்னிடம் வந்த ஒருவர் வீட்டிலேயே 0.5 போட்டுக்கொண்டார். விமானம் நான்கு மணி நேரம் தாமதம். பதற்றத்தில் இன்னொன்று, ஏறியதும் ஒயின். வழியில் விமானம் மாறியது அவருக்கு நினைவிலேயே இல்லை. கைப்பை எங்கே போனது என்றும் தெரியவில்லை. மயங்கி விழவில்லை, நன்றாகத்தான் பேசியிருக்கிறார். நினைவில் மட்டும் எதுவும் பதியவில்லை. இந்த மாத்திரைகள் அதையும் செய்யும்.

அதனால் பயணத்துக்கு முன்பே, வேலையில்லாத ஒரு நாளில், மருத்துவர் சொன்ன அளவை வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம், சிலருக்குத் தள்ளாட்டம். அபூர்வமாகச் சிலருக்கு எரிச்சலும் படபடப்பும் கூடும். அதை விமானத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டாமே.

லோராசெபாம் நல்லதா, அல்பிரசோலமா?

லோராசெபாம் உச்சத்துக்கு வர இரண்டு மணி நேரம் ஆகலாம். கல்லீரல் சரியில்லாதவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் எழுதுவேன். மற்றபடி உங்கள் மருத்துவர் தந்ததே போதும்.

ஒரு பெக் மட்டும் சேர்த்தால்?

கூடாது. மூச்சை அமுக்கும்.

பீர் கூடவா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

எனக்குப் பேனிக் வந்தால் லோராசெபாம் போடுவேன், பத்தே நிமிடத்தில் அடங்கிவிடும். மெதுவாக வேலை செய்யும் என்கிறீர்களே?

அடக்கியது மாத்திரை அல்ல. பேனிக் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும். மாத்திரை இரத்தத்தில் ஏறுவதற்குள் புயல் ஓய்ந்திருக்கும். பாராட்டு மட்டும் அதற்கு.

அப்படியென்றால் நான் சட்டைப்பையில் வைத்திருந்தாலே போதும், விழுங்க வேண்டாம். ஆறு வருடமாக அப்படித்தான்!

பாதி சரி. அந்த மாத்திரையை ஒருநாள் மறந்துவிட்டுக் கிளம்பினால் என்ன ஆகும்?

(அவரே) பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன், உண்மைதான். ஆனாலும் அது விழுங்குவதைவிட மேல் இல்லையா?

மேல்தான். ஆனால் பயம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1997இல் விமானப் பயமுள்ள பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் பாதிப் பேருக்கு அல்பிரசோலம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. முதல் பயணத்தில் அல்பிரசோலம் போட்டவர்கள் பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து யாருக்கும் மருந்தில்லாமல் பறந்தபோது அவர்களில் 71 சதவீதத்தினருக்குப் பேனிக் வந்தது, மற்றவர்களில் 29.

(வேறொருவர்) சின்ன ஆய்வு அது. வருடத்துக்கு ஒருமுறை பறப்பவர் பயத்தைக் குணப்படுத்தியே ஆகணுமா?

நியாயமான கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை என்றால் நானே எழுதித் தருகிறேன். மாதம் இரண்டு முறை பறப்பவருக்கு யோசிப்பேன்.

இறங்கியதும் கார் ஓட்டலாமா?

அன்று ஓட்டாதீர்கள். தெளிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும், கை கால் ஒத்துக்கொள்ளாது.

பீர் பற்றிக் கேட்டது நான்தான். ஆல்கஹால் இல்லாத பீர்?

அதைக் குடியுங்கள்.