பாதிப் பாதி என்றால் எதில் பாதி?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி. மகளுக்குக் கும்பகோணத்தில் வரன் அமைந்து, கல்யாணமும் அங்கேயே. எங்கள் பக்கம் 200 பேர், அவர்கள் பக்கம் 500 பேர். முதல் நாள் இரவு வரவேற்பு, கச்சேரி எல்லாம் அவர்கள் வழக்கம், எங்களுக்குக் கிடையாது. செலவை மட்டும் பாதிப் பாதி என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

பதில்: மண்டபம், மேளம், ஐயர், மணவறை அலங்காரம் இதெல்லாம் 200 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் ஒரே செலவுதான். அதில் பாதி கொடுப்பது நியாயம், அங்கே பேரம் பேச வேண்டாம். இலைக் கணக்கு வேறு. அதையும் வேளை வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

ஏனென்றால் உள்ளூர்க்காரர்கள் இரவு வரவேற்புக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலை டிபனுக்கு அவர்கள் பக்கம் கொஞ்சம் பேர்தான் உட்காருவார்கள், வேனில் வந்து தங்கிய உங்கள் ஆட்களோ எல்லாரும் உட்காருவார்கள். ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: இரவு இலை 200 ரூபாய், டிபன் 100, முகூர்த்தச் சாப்பாடு 180. உங்கள் பக்கம் இரவு 120 பேர், டிபன் 120, முகூர்த்தம் 200 என்றால் 72,000 ரூபாய். அவர்கள் பக்கம் 500, 150, 350 என்றால் 1,78,000. மொத்தம் இரண்டரை லட்சம். பாதிப் பாதி என்று தலையாட்டினால் 1,25,000 கொடுப்பீர்கள், அதாவது 53,000 கூடுதல்.

கச்சேரி அவர்கள் ஆசை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அதே மாதிரி உங்கள் பக்கத்து நலங்கு, சீர்வரிசைத் தட்டு எதையும் பொதுக் கணக்கில் ஏற்றாதீர்கள்.

இதை நீங்கள் நேராகச் சம்பந்தியம்மாவிடம் பேச வேண்டாம். பெண்ணின் தாய்மாமன் பேசட்டும், அதுவும் பத்திரிகை அடிக்கும் முன்பே. "உங்க ஆள் எழுதுற மொய் உங்களுக்கு, எங்க ஆள் எழுதுறது எங்களுக்கு. இலையும் அப்படியே இருக்கட்டுமே" என்று ஆரம்பித்தால் போதும். மொய் நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பது தஞ்சாவூர்ப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், சமையல்காரரிடம் எத்தனை இலை என்று ஒப்புக்கொள்கிறோமோ, ஆள் குறைந்தாலும் பெரும்பாலும் அத்தனைக்கும் பணம் கேட்பார். ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் எங்கள் பக்கம் இத்தனை, உங்கள் பக்கம் இத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் சொன்ன எண்ணிக்கைக்கு அவரவர் பொறுப்பு. அதற்கு மேல் போன இலை யாருடையது என்று பந்தியில் கண்டுபிடிக்க முடியாது. அதை அந்த வேளையின் விகிதப்படியே பிரித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் இலைக்கட்டை எண்ண ஆள் போடவில்லை. மறுநாள் சமையல்காரர் சொன்னதுதான் கணக்கு என்றாகிவிட்டது. பந்தி தொடங்கும் முன் எத்தனை கட்டு, முடிந்ததும் மிச்சம் எத்தனை என்று பார்க்க இரண்டு பக்கமும் ஒரு பையனை நிறுத்துங்கள். மொய் எழுதவும் இரண்டு மேசை, இரண்டு நோட்டு.