எல்லா இடத்திலும் காற்புள்ளி போடும் பழக்கத்தை எப்படித் திருத்துவது?

கேள்வி: நான் எழுதும் கடிதங்களில் வாக்கியம் முடியாமல் நீண்டுகொண்டே போகிறது என்கிறார்கள். எங்கே முற்றுப்புள்ளி, எங்கே அரைப்புள்ளி, எங்கே ‘ஆனால்’, ‘ஆகவே’ போடுவது?

கொழும்பில் ஓர் அலுவலகத்தில் தமிழ்க் கடிதங்களையும் அறிவித்தல்களையும் சரிபார்ப்பது என் வேலை. கையில் வரும் தாளில் முதலில் வினைமுற்றுகளைத்தான் வட்டமிடுவேன். தமிழில் வினைமுற்று வந்தால் வாக்கியம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டு வினைமுற்றுகளுக்கு நடுவில் வெறும் காற்புள்ளி மட்டும் இருந்தால், அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் ஒருநாள் இப்படி ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்:

“தண்ணீர்த் தாங்கியில் வெடிப்பு ஏற்பட்டுள்ளது, சனிக்கிழமை திருத்த வேலை நடைபெறும், காலை 8 மணி முதல் தண்ணீர் வராது, மேல்மாடிகளுக்கு, மாலை 5 மணிக்குப் பிறகே வரும், வெள்ளிக்கிழமை இரவே தண்ணீர் பிடித்து வையுங்கள்.”

‘மேல்மாடிகளுக்கு’ என்ற சொல்லைப் பாருங்கள். தண்ணீர் வராதது மேல்மாடிகளுக்கா, 5 மணிக்குப் பிறகு வருவது மேல்மாடிகளுக்கா? பேச்சில் ‘வராது, மேல்மாடிக்கு’ என்று பின்னால் ஒட்டிச் சொல்வது நமக்குப் பழக்கம். அதனால் கீழ்மாடிக்காரர் பலர் இது தங்களுக்கில்லை என்று நினைத்து, ஒரு வாளி கூடப் பிடித்து வைக்கவில்லை. சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் குளிப்பாட்டக்கூட வழியில்லை.

சரி, இதைத் திருத்துவோம். வினைமுற்றுகள் ஐந்து: ஏற்பட்டுள்ளது, நடைபெறும், வராது, வரும், வையுங்கள். ஆகவே மூட்டுகள் நான்கு. ஒவ்வொரு மூட்டிலும், இரண்டு பக்கத்துக்கும் என்ன உறவு என்று கேட்க வேண்டும்.

முதல் மூட்டில் காரணமும் விளைவும் இருக்கின்றன. ‘ஏற்பட்டுள்ளது. ஆகவே’ என்றும் எழுதலாம். ‘ஏற்பட்டுள்ளதால்’ என்று வினையையே மாற்றினால் இன்னும் இறுக்கமாக வரும். தமிழில் இணைப்பு எப்போதும் தனிச்சொல்லாக வருவதில்லை, வினையின் விகுதியிலேயே உட்கார்ந்துவிடும். ‘ஆல்’ சேர்ந்ததும் அது வினைமுற்று இல்லை, அந்த இடத்தில் புள்ளியே வேண்டாம்.

இரண்டாவது மூட்டில் விஷயம் மாறுகிறது. தண்ணீர் வராது என்பது யாரும் தவறவிடக்கூடாத செய்தி. முற்றுப்புள்ளி போட்டுத் தனி வாக்கியமாக நிறுத்துங்கள். கடைசி மூட்டும் அப்படித்தான், அங்கே செய்தி முடிந்து வேண்டுகோள் தொடங்குகிறது.

மூன்றாவதில்தான் அரைப்புள்ளிக்கு வேலை. மேல்மாடி ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் கீழ்மாடி இருக்க வேண்டும். அறிவித்தலில் அது இல்லவே இல்லை! காவலாளி ஐயாவிடம் கேட்டபோதுதான் கீழே 4 மணிக்கே வந்துவிடும் என்று தெரிந்தது. காற்புள்ளி அந்த ஓட்டையை மறைத்து வைத்திருந்தது. இப்போது:

“தண்ணீர்த் தாங்கியில் வெடிப்பு ஏற்பட்டுள்ளதால் சனிக்கிழமை திருத்த வேலை நடைபெறும். அன்று காலை 8 மணி முதல் எந்த மாடிக்கும் தண்ணீர் வராது. கீழ்மாடிகளுக்கு மாலை 4 மணிக்கு வரும்; மேல்மாடிகளுக்கு 5 மணிக்குப் பிறகே வரும். வெள்ளிக்கிழமை இரவே தண்ணீர் பிடித்து வையுங்கள்.”

இரண்டு பக்கமும் தனித்தனியே நிற்க முடிந்தும், ஒன்றைப் படித்தவர் மற்றதையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் நிறையும் என்றால் அரைப்புள்ளி. எனக்கு ஒரு பக்கக் கடிதத்தில் ஒன்றோ இரண்டோ போதும்.

‘ஆனால்’ இருந்தால் காற்புள்ளி போதுமா என்றும் கேட்பார்கள். ‘மழை பெய்தது, ஆனால் வெள்ளம் வரவில்லை’ போலச் சிறியதாக இருந்தால் போதும். இரண்டு பக்கமும் நீளமாக இருந்தால் முற்றுப்புள்ளி வைத்து ‘ஆனால்’ என்று புதிதாகத் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் இது இன்னும் கறார்: ‘பட்’ என்பதற்கு முன் காற்புள்ளி போதும், அதே பொருளில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஹவ்எவர்’ வந்தால் அதற்கு முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

வட்டமிடும்போது ஓர் இடத்தில் ஏமாறுவீர்கள். ‘அவர் வருவார் என்று சொன்னார்’ என்பதில் வினைமுற்று இரண்டு. ஆனால் ‘என்று’ முதலாவதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது, அதனால் அது மூட்டு இல்லை.

அப்புறம், காற்புள்ளிக்குப் பயந்து எல்லாவற்றையும் ‘போய், பார்த்து, கேட்டு, எழுதி’ என்று எச்சமாக்கி விடாதீர்கள். அது பிழை இல்லை, ஆனால் படிப்பவருக்கு அதே மூச்சுத் திணறல்தான். எழுவாய் மாறினால் பெரும்பாலும் அது பொருந்தவும் பொருந்தாது: ‘மின்சாரம் நின்று நான் வீட்டுக்குப் போனேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘நின்றதால்’ என்றுதான் வரும்.

கதையில் மட்டும் ‘வந்தார், பார்த்தார், போனார்’ என்று ஒரே ஆள் அடுத்தடுத்துச் செய்வதைக் காற்புள்ளியோடு விட்டுவிடுவேன். பள்ளி இலக்கணம் அங்கேயும் அரைப்புள்ளிதான் கேட்கும். அலுவலகக் கடிதத்தில் நானும் அதையே போடுகிறேன்.