முதற்படை எப்போது உடையும்? நார் லமினேற் பற்றிய ஐந்து கேள்விகள்

இந்தமுறை வந்த கேள்விகள் பெரும்பாலும், லமினேற்றில், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய நார்ப் படைகளில், எந்தப் படை எப்போது முதலில் வெடிக்கும் என்பதையே சுற்றி வருவதால், எல்லாவற்றுக்கும் ஒரே லமினேற்றை எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடி நாரும் எபொக்சியும் சேர்ந்த நான்கு படைகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர். வெளிப்படைகள் இரண்டிலும் நார் 0 பாகையிலும், நடுப்படைகள் இரண்டிலும் 90 பாகையிலும் ஓடுகின்றன. பாடநூல்களில் வழக்கமாக வரும் பெறுமதிகளே இங்கும்: நார்த்திசை மட்டு 38.6 கிகாபாஸ்கல், குறுக்குத்திசை மட்டு 8.27, கொய்வு மட்டு 4.14, புவசோன் விகிதம் 0.26. வலிமைகளை மெகாபாஸ்கலில் சொன்னால், நார்த்திசையில் இழுவைக்கு 1062, அமுக்கத்துக்கு 610, குறுக்கே இழுவைக்கு 31, அமுக்கத்துக்கு 118, கொய்வுக்கு 72.

கிளிநொச்சி, பொறியியல் மாணவி: 0 பாகைத் திசையில் மட்டும் இழுத்தால் எந்தப் படை முதலில் போகும்? எந்தத் தகைப்பில்?

முழுத் தடிப்புக்கும் சராசரியாக 1 மெகாபாஸ்கல் இழுவை கொடுத்துப் பாருங்கள். லமினேற்றின் மட்டு 23.6 கிகாபாஸ்கல் என வரும். 0 பாகைப் படை நார்த்திசையில் 1.65 மெகாபாஸ்கலைத் தாங்குகிறது. 90 பாகைப் படைக்கு வருவது 0.347 மட்டும்தான், ஆனால் அது நாருக்குக் குறுக்காக வருகிறது. அந்தத் திசையில் பிடித்துக்கொண்டிருப்பது றெசினும், நாரோடு அதன் ஒட்டும்தான்.

இனி வகுத்தல்தான். 31 ஐ 0.347 ஆல் வகுத்தால் 89. 1062 ஐ 1.65 ஆல் வகுத்தால் 640க்கு மேல். ஆகவே ஒவ்வொரு தகைப்பையும் அதனதன் வலிமையோடு மட்டும் ஒப்பிடும் அதியுயர் தகைப்பு நியதிப்படி 89 மெகாபாஸ்கலில், 90 பாகைப் படையில், நாருக்குச் சமாந்தரமாக வெடிப்பு விழும். தடிப்பு 2 மில்லிமீற்றர் என்பதால் அகலத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 178 நியூட்டன் சுமை. அந்நேரம் விகாரம் 0.38 சதவீதம்.

தகைப்புகள் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் சேர்க்கும் சாய்-வூ நியதியும் இங்கே 88.7 தருகிறது. இதைக் கண்டு "இரண்டும் ஒன்றுதான்" என்று முடிவெடுத்துவிட வேண்டாம். உடையும் படையில் ஒரேயொரு தகைப்பு மட்டும் பெரிதாக இருந்ததால்தான் இரண்டும் ஒத்துப்போயின.

கொக்குவில் வாசகர்: இழுவையின் பாதியளவு கொய்வையும் சேர்த்தேன். அதியுயர் தகைப்பு நியதியில் விடை மாறவேயில்லை. எங்கே பிழை?

கணக்கில் பிழை இல்லை, நியதியின் சுபாவமே அதுதான். அது ஒவ்வொரு தகைப்பையும் தனித்தனி வாசலில் நிறுத்திச் சோதிக்கிறது. கொய்வு வாசலின் எல்லை இழுவை 144 ஐத் தொடும்போதுதான் வரும். அதற்கு முன்பே 89 இல் குறுக்கு வாசல் மூடிவிடுகிறது. ஆகவே கொய்வு இருப்பதே அதற்குத் தெரியாது.

றெசினுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரே ஒட்டுத்தளத்தைக் குறுக்கு இழுவையும் கொய்வும் சேர்ந்தே பிரிக்கின்றன. சாய்-ஹில் என்ற இன்னொரு நியதி இரண்டின் வர்க்கங்களையும் கூட்டுவதால் உடைவு 76 க்கு இறங்குகிறது. சாய்-வூ 71 தருகிறது. அந்த 71 இல் குறுக்குத் தகைப்பு 24.7, அதாவது தன் எல்லையின் 80 சதவீதம். கொய்வு 35.5, ஏறத்தாழ 49 சதவீதம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் பாதுகாப்பாகத்தான் தெரியும்.

சாய்-வூ ஏன் இன்னும் கடுமை? அதன் வளையி +31 ஐயும் −118 ஐயும் ஒரே நீள்வளையத்தில் தொட வேண்டியிருப்பதால், வளையத்தின் நடு அமுக்கப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கே அது கொய்வு வலிமையைக் கூட்டிச் சொல்கிறது: குறுக்கே 43 அளவில் அமுக்கினால் 72 என்பது 89 வரை ஏறும். அமுக்கம் வெடிப்பை மூடிப் பிடிப்பதால் இந்தப் போக்கு பரிசோதனைகளிலும் தெரிவதுதான். இழுவைப் பக்கம் வளையம் வேகமாக ஒடுங்குகிறது.

என் வழக்கம் இது: சுமையின் அளவை சாய்-வூவிடம் கேட்பது, என்ன விதமாக உடைந்தது என்பதை அதியுயர் தகைப்பு விகிதங்களிடம் கேட்பது. சாய்-வூ ஒற்றை எண்ணைத் தரும். நார் போனதா, றெசின் போனதா என்று தானாகச் சொல்லாது.

அதே வாசகர்: இழுவை 50, கொய்வு 25 இல் சாய்-வூ சுட்டி 0.62 வருகிறது. அப்படியானால் சுமையை 1.6 மடங்கு கூட்டலாமா?

கூடாது. இந்தப் பிழை வடிவமைப்பு அறிக்கைகளிலும் வருவதுண்டு. சுட்டி 1 ஐத் தொட்டால் உடைவு என்பது சரி, ஆனால் சுட்டியில் தகைப்பின் வர்க்க உறுப்புகளும் ஒருபடி உறுப்புகளும் கலந்திருப்பதால், அது சுமைக்கு நேர்விகிதத்தில் ஏறாது. சுமையை R மடங்காக்கினால் வர்க்கப் பகுதி R² ஆலும் ஒருபடிப் பகுதி R ஆலும் பெருகும். வர்க்கப் பகுதியின் மொத்தத்தை a என்றும் ஒருபடிப் பகுதியை b என்றும் வைத்து, சுட்டி 1 ஆகும் R ஐக் காணுங்கள்:

```
R = (-b + sqrt(b*b + 4*a)) / (2*a)
```

உங்கள் நிலையில் a = 0.204, b = 0.415. R வருவது 1.42, 1.6 அல்ல. சாய்-ஹில்லில் ஒருபடி உறுப்பு இல்லாததால் வர்க்கமூலம் எடுத்துத் தலைகீழாக்கினால் போதும்: சுட்டி 0.435, R = 1.52.

சாய்-வூவில் நார்த்திசை, குறுக்குத்திசைத் தகைப்புகளின் பெருக்கத்தோடு வரும் குணகமான F12 பற்றியும் அவர் கேட்டிருந்தார். இங்கே அதைப் பூச்சியமாக வைத்தாலும் விடை 71 ஐ விட்டு அசையாது, ஏனென்றால் உடையும் படையில் நார்த்திசைத் தகைப்பு மிகச் சிறிது.

திருநெல்வேலி, ஆய்வுகூட உதவியாளர்: கணக்கு 89 சொல்கிறது. 120 பாகையில் பதப்படுத்திய மாதிரி 65 அளவிலேயே வெடிக்கிறது. பொருள் மோசமா?

பொருளைக் குறைசொல்வதற்கு முன் அடுப்பை நினையுங்கள். குளிரும்போது படை நாருக்குக் குறுக்கே கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். பக்கத்துப் படையின் நார் அதை விடாது. விரிவுக் குணகங்களை நார்த்திசைக்கு 8.6, குறுக்கே 22.1 என்று, பாகைக்குப் பத்துலட்சத்தில் பங்காக எடுத்தால், 100 பாகை இறக்கத்தில் 90 பாகைப் படைக்குள் 8.4 மெகாபாஸ்கல் குறுக்கு இழுவை தங்கிவிடுகிறது. சுமை ஏற்றுவதற்கு முன்னரே 31 இல் 22.6 தான் மிச்சம். அதை 0.347 ஆல் வகுத்தால் 65.

இந்த 8.4 சுமையோடு பெருகாது. ஆகவே அதை R ஆல் பெருக்காமல் முதலில் கழித்துவிட்டுத்தான் R ஐத் தேட வேண்டும்.

வெடிப்பு எப்போது விழுந்தது என்பதைச் சுமை-விகார வரைபின் சிறு முழங்கால் வளைவில் பார்க்கலாம். கண்ணாடி நார் ஒளியை விடும் என்பதால், பின்னால் விளக்கு வைத்தால் சுமைக்குக் குறுக்கான வெள்ளைக் கோடுகளும் தெரியும்.

குருநகர், படகு கட்டுபவர்: பைபர் படகில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டு வெள்ளைக் கோடுகள் வந்தன. படகு உடையவில்லை. அப்ப இது உடைவா?

முதற்படை உடைவு என்றால் படகு இரண்டாகப் பிளப்பது அல்ல. மேலுள்ள லமினேற்றில் 90 பாகைப் படை முழுதும் வெடித்தாலும் மட்டு 23.6 இலிருந்து 19 அளவுக்குத்தான் இறங்கும். நார் அறுவதற்கு, கணக்கின்படி, 530 வரை இழுக்க வேண்டும். ஆனால் படகுக்கு வெடிப்பு என்பது தண்ணீர் புகும் வழி. உப்புநீர் நாரோரம் ஊறினால் ஒட்டு தளரும். அதனால் நீர் படும் ஓட்டுக்கு முதற்படை உடைவையே எல்லையாகக் கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் பாவிப்பது 'மாட்' எனும் நார்ப்பாயும், நெய்த றோவிங்கும், பொலியெஸ்டர் றெசினும். நார்ப்பாயில் நார் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும். றோவிங்கில் பாவும் ஊடும் பின்னி ஏறி இறங்கும். மேலே தந்த ஒருதிசை எண்கள் எதுவும் அவற்றுக்குச் சரிவராது. அதே றெசினில், அதே கையால் ஒரு தட்டை வார்த்து, ஒவ்வொரு வகைப் படைக்கும் ASTM D3039 முறையில் இழுவைச் சோதனை செய்விக்க வேண்டும். றோவிங்கின் கொய்வுக்கு D3518, அதில் நார் 45 பாகைச் சாய்வில் இருக்கும்.

புதிதாக வார்க்கும்போது ஒரே திசைப் படைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிக்காமல் இடையிட்டு வையுங்கள். தடித்த கட்டு முந்தி வெடிக்கும், மெல்லியது பிந்தி வெடிக்கும். குறுக்கு வலிமை 31 என்று மாறாமல் வைக்கும் எந்த நியதிக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.