லாபம் ஏறுகிறதா, தேய்மானம் இறங்குகிறதா?

கேள்வி: ஒரு சிறிய அச்சகத்தை விலைக்கு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருட லாபம் 2 லட்சம், 6 லட்சம், 8 லட்சம். "வேகமாக வளரும் தொழில்" என்கிறார் தரகர். மூன்று வருடத்துக்கு முன் 16 லட்சத்துக்கு வாங்கிய ஒரே இயந்திரம்தான் அங்கே இருக்கிறது. தேய்மானம் குறைந்துசெல் மதிப்பு முறையில் 50 சதவீதமாம். நேர்கோட்டு முறையில் போட்டிருந்தால் லாபம் மாறுமா?

பதில்: மாறும். அந்த வளர்ச்சியே காணாமல் போகும்.

குறைந்துசெல் மதிப்பு முறையில், ஒவ்வொரு வருடமும் ஏட்டில் மிச்சமிருக்கும் மதிப்பில் பாதியைத் தேய்மானச் செலவாக லாபத்திலிருந்து கழிக்கிறார்கள். முதல் வருடம் 8 லட்சம், அடுத்து 4, அடுத்து 2. இவற்றை அவர்கள் காட்டும் லாபத்தோடு கூட்டிப் பாருங்கள். 2 + 8, 6 + 4, 8 + 2. மூன்று வருடமும் அதே 10 லட்சம்தான். தொழில் நின்ற இடத்திலேயே நிற்கிறது, தேய்மானம்தான் இறங்கியிருக்கிறது.

இயந்திரம் நான்கு வருடம் உழைக்கும், கடைசியில் 1 லட்சத்துக்கு விலை போகும் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் கழிக்க வேண்டிய 15 லட்சத்தை நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 3.75 லட்சம். அப்போது லாபம் எல்லா வருடமும் 6.25 லட்சம். குறைந்துசெல் முறையில் நான்காம் வருடத் தேய்மானம் 1 லட்சம், லாபம் 9 லட்சம். எந்த முறையில் கூட்டினாலும் நான்கு வருட மொத்த லாபம் 25 லட்சம்தான். கல்லாவில் விழும் பணமும் மாறாது. எந்த வருடத்துக்கு எவ்வளவு என்ற பங்கீடு மட்டுமே மாறும்.

தரகர்கள் பிடித்துக்கொள்வது இந்தப் பங்கீட்டைத்தான். கடைசி வருட லாபத்தை நான்கால் பெருக்கி விலை சொல்வார்கள். 8 லட்சம் என்றால் 32 லட்சம், 6.25 லட்சம் என்றால் 25 லட்சம். ஒரே தொழில், ஒரே இயந்திரம், விலையில் 7 லட்சம் வித்தியாசம். நீங்கள் வாங்கிய அடுத்த வருடமே இயந்திரத்தின் ஆயுள் முடிகிறது. அதே விலைக்குப் புதிது வாங்கி அதே முறையில் கணக்கெழுதினால், லாபம் மறுபடி 2 லட்சத்தில் வந்து நிற்கும். அதைத் தரகர் சொல்ல மாட்டார். தேய்மானம் எந்த முறையில் போடப்பட்டது என்ற, ஒருவர் வாங்கும் முடிவையே மாற்றக்கூடிய தகவலை, கணக்கறிக்கையின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்துக் குறிப்பாகத் தள்ளிவிடும் வழக்கம் எத்தனை வருடமானாலும் மாறுவதாக இல்லை. லாபத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட என்ன தடை?

குறைந்துசெல் முறை மோசடி அல்ல. இயந்திரம் பழசாகப் பழசாகப் பழுதுச் செலவு ஏறும், தேய்மானம் இறங்கும், இரண்டும் சேர்ந்து ஓரளவு சமமாகும் என்பதே அதன் நியாயம். அதனால் பராமரிப்புச் செலவு வரியைத் தனியாகப் பாருங்கள். மூன்று வருடமும் அது ஏறவே இல்லை என்றால், செய்ய வேண்டிய பழுதை விற்பவர் உங்கள் தலையில் விட்டுவைத்திருக்கலாம்.

இன்னொரு பொறி, "இரண்டுக்கும் 25 சதவீதம் போட்டால் ஒன்றுதானே" என்ற பேச்சு. ஒன்றல்ல. குறைந்துசெல் முறையில் 25 சதவீதம் போட்டால் 16 லட்சம் முறையே 12, 9, 6.75 எனக் குறைந்து, நான்காம் வருட முடிவில் சுமார் 5.06 லட்சம் ஏட்டில் நிற்கும். இயந்திரமோ 1 லட்சத்துக்குத்தான் போகும். நான்கு வருடமாக லாபம் என்று காட்டியதில் 4 லட்சத்துக்கு மேல், விற்கும் நாளில் நஷ்டமாக வந்து விழும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். வருடத்துக்கு ஒன்றாக ஒரே விலையில் நான்கு இயந்திரங்கள் வாங்கி, ஆயுள் முடிந்ததைக் கழித்துப் புதிது போடும் தொழிலில், நான்காம் வருடத்திலிருந்து இந்த வித்தியாசமே இருக்காது. குறைந்துசெல் முறையில் அந்த வருடத் தேய்மானம் 8 + 4 + 2 + 1, மொத்தம் 15 லட்சம். நேர்கோட்டு முறையில் 3.75 வீதம் நான்கு, அதுவும் 15 லட்சம். புதிதும் பழசும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. அப்படிப்பட்ட தொழிலில் லாபம் ஏறியிருந்தால் தேய்மான முறையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் காட்டப்படுவது ஒற்றை இயந்திரம். அதற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது.

விற்பவரிடம் சொத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். வாங்கிய தேதி, விலை, மதிப்பிட்ட ஆயுள், இறுதி மதிப்பு நான்கும் அதில் இருக்கும். ஒவ்வொரு வருட லாபத்தோடும் அந்த வருடத் தேய்மானத்தைக் கூட்டி, நேர்கோட்டுத் தேய்மானத்தை (ஆயுளும் இறுதி மதிப்பும் நாம் வைத்துக்கொண்டதுபோலவே இருந்தால் 3.75 லட்சம்) கழித்து, அந்தத் தொகையை வைத்து விலை பேசுங்கள். பதிவேட்டைத் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.