ஒருவர் மட்டும் நழுவினால்: குழு வேலை கேள்வி பதில்

கேள்வி: நாலு பேர் குழு. மூணு வாரத்துல அறிக்கை தரணும். ஒருத்தர் "பாத்துக்கறேன்"னு சொல்றதோட சரி. என்ன செய்யறது?

பதில்: அவர் பொறுப்பில் என்ன இருக்கிறது? "தரவு சேகரிக்க உதவி" என்று எழுதியிருந்தால் அங்கேயே சிக்கல். உதவி எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. 1979-ல் உளவியலாளர் லாட்டனேயும் கூட்டாளிகளும் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்தார்கள். கூட்டமாகச் செய்யும்போது ஆளுக்கு ஆள் சத்தம் குறைந்தது. அவரவர் சத்தம் தனித்தனியாகத் தெரியும் என்று நம்ப வைத்த பிந்தைய சோதனையில் அந்தச் சுணக்கம் காணாமல் போனது.

அதனால் "மூன்றாம் பகுதி, இரண்டு பக்கம், ஒரு வரைபடம், பகிர்ந்த கோப்பில்" என்று கொடுங்கள். முதல் கெடு சின்னதாக இருக்கட்டும்: புதனுக்குள் அரைப் பக்கம். வரவில்லையா, அன்றே தனியாகக் கேளுங்கள்: "அரைப் பக்கம் வரல, எங்க நிக்குது?" செய்யத் தெரியாமல் ஒளிந்துகொள்பவர்களும் உண்டு, அவர்களுக்கு வேறு பகுதியை மாற்றிக் கொடுத்தால் போதும். வெள்ளிக்கும் வரவில்லை என்றால் குழுவில் எழுதிவிட்டு, ஆசிரியரிடம் சொல்லுங்கள். முதல் வார முடிவில் சொன்னால் அவரால் ஏதாவது செய்ய முடியும். கடைசி இரவில் சொன்னால் புலம்பல்தான்.

கேள்வி: பக்கத்தை நாலா சமமா பிரிச்சாச்சு. நியாயம்தானே?

பதில்: பாதி நியாயம். நாலு பேர் எழுதியதை ஒட்டி, நடையைச் சரிசெய்து, மேற்கோள்களை ஒழுங்குபடுத்துவது யார் கணக்கில்? அதையும் தனி வேலையாகப் பட்டியலில் போடுங்கள்.

கேள்வி: எங்க குழுவிலும் ஒருத்தர் எதுவும் செய்யறதில்ல.

பதில்: முதல் பதில்.

கேள்வி: சக மதிப்பீடு வெச்சா மார்க் எப்படி மாறும்?

பதில்: ஒவ்வொருவரும் நாலு பேருக்கும் 100 புள்ளியைப் பங்கிடுவதாக வைப்போம். எல்லோரும் சமமாகப் போட்டால் ஆளுக்கு மொத்தம் 100 வரும். ஆனால் போட்டதைக் கூட்டினால் 115, 115, 110, 60 வருகிறது. குழு மதிப்பெண் 80 என்றால் கடைசி ஆளுக்கு 80 × 0.6 = 48, முதல் ஆளுக்கு 92. சில ஆசிரியர்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு வரம்பு வைப்பார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அது ஏமாத்து வேலை சார். மூணு நண்பர்கள் சேர்ந்து எனக்குக் கம்மியா போட்டாங்க. நான்தான் அதிகம் யோசிச்சேன்.

பதில்: நடக்கும். கோப்பின் திருத்த வரலாற்றைக் காட்டலாம், ஆனால் அது தட்டச்சு செய்தவரைத்தான் காட்டும். ஒருவர் யோசித்ததை இன்னொருவர் ஒட்டினால் ஒட்டியவர் பெயர்தான் பதிவாகும். அதே சமயம், தன் பங்கை அதிகமாக நினைப்பது பலருக்கும் உள்ள வழக்கம், உங்களுக்கும் இருக்கலாம். யோசித்ததை அன்றன்றே குழுவில் இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கிறீர்களா?

கேள்வி: எழுதல. பேசினோம்.

பதில்: அப்போ உங்கள் பேச்சும் அவர்கள் பேச்சும்தான் மிச்சம். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கேள்வி: வேலை செய்யாதவர் பேரை அறிக்கை அட்டைல இருந்து எடுத்துடலாமா?

பதில்: நீங்களாக எடுக்காதீர்கள். ஆசிரியர் முடிவு செய்யட்டும்.