பெட்டியின் சிவப்பு ஒவ்வொரு அச்சிலும் ஏன் மாறுகிறது?

கேள்வி: எங்கள் மிளகாய்த்தூள் அட்டைப்பெட்டிக்கு ஒவ்வொரு முறையும் பேன்டோன் 485 சி என்றுதான் பிரஸ்ஸில் சொல்கிறோம். ஒரு முறை ஆரஞ்சாக வருகிறது, மறுமுறை கருத்து வருகிறது. கடையில் பழைய பெட்டியும் புதுப் பெட்டியும் பக்கத்தில் இருந்தால் பளிச்சென்று வித்தியாசம் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: பேன்டோன் புத்தகத்தில் இருக்கும் சிவப்பு, நல்ல வெள்ளைப் பூச்சுத்தாளில் லேமினேஷன் இல்லாமல் அச்சானது. உங்கள் பெட்டி பெரும்பாலும் டூப்ளெக்ஸ் போர்டாக இருக்கும். ஆஃப்செட் மை மெல்லியது, ஒளி ஊடுருவக்கூடியது. அடியிலுள்ள போர்டின் வெண்மை சற்று மங்கினாலோ மஞ்சளடித்தாலோ அது சிவப்பின் வழியாகவே தெரியும். அதற்கு மேல் கிளாஸ் லேமினேஷன் ஏறினால் நிறம் ஆழமாகும், மேட் ஏறினால் சற்று வெளிறும். ஆக, எண்ணைச் சொல்வது தொடக்கம்தான். உங்களுக்கென்று ஒரு ஷேட் கார்டு தேவை.

அதை நிஜமான போர்டில், நிஜமான மையில், நிஜமான லேமினேஷனோடு செய்யச் சொல்லுங்கள். அதில் மூன்று நிறங்கள் இருக்கும்: சரியானது, ஏற்கத்தக்க மிக வெளிறியது, ஏற்கத்தக்க மிக அடர்த்தியானது. மூன்றிலும் நீங்கள் கையெழுத்திட்டு, வெளிச்சம் படாத உறையில் இரு தரப்பும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ள வேண்டும். இதுவும் நாளாக நாளாக மங்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

ஷேட் கார்டு கண்ணுக்கு. மெஷினுக்கு எண் வேண்டும். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் அதே நிறத்தை எண்ணாகச் சொல்லும் L*, a*, b* மதிப்புகளை இரண்டு நிலைகளில் எடுத்து வையுங்கள்: மெஷினிலிருந்து வந்த ஈர ஷீட்டில் ஒன்று, உலர்ந்து லேமினேஷன் ஆன பிறகு ஒன்று. மை உலரும்போது டென்சிட்டி, அதாவது அச்சின் அடர்த்தி அளவு, இறங்கும். ஈரத்தில் 1.50 காட்டியது மறுநாள் 1.40 காட்டலாம். ஈர ஷீட்டை முடிந்த பெட்டியோடு ஒப்பிட்டு மையைக் கூட்டிக் குறைப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஈரத்தை ஈரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அளக்கும்போது கருவியின் அமைப்பும் மாறக்கூடாது. ஒளி, பார்வைக் கோணம், அளவீட்டு முறை ஆகியவற்றை D50, 2°, M1 என்று வைத்தால் எப்போதும் அதுவே.

அடுத்த முறை அச்சு தொடங்கும்போது நிறம் ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழுது மையின் அளவிலா, மையிலேயா? உடனே மையைத் திருத்தாமல், டென்சிட்டியை 1.30, 1.40, 1.50, 1.60 என்று படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் ஷீட் எடுத்து, ஷேட் கார்டின் ஈர மதிப்போடு எவ்வளவு வித்தியாசம் என்று காட்டும் டெல்டா ஈ 2000 பார்க்கச் சொல்லுங்கள். அது 4.4, 2.7, 1.2, 2.3 என்று வந்தால் மை சரி, 1.50-இல் நிறுத்தி ஓட்டலாம். 4.9, 3.9, 3.5, 4.2 என்று எந்தப் படியிலும் 2-க்குக் கீழே இறங்காவிட்டால் மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் இங்க் கீயை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. தப்பு மை டப்பாவில் இருக்கிறது, அல்லது போர்டு மாறியிருக்கிறது. வெறும் போர்டையும் அளந்து பழைய போர்டோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

உங்கள் ஆரஞ்சு இந்த இரண்டாம் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நெருங்கிய படியிலும் b* இலக்கைவிடக் கூடி நின்றால் மஞ்சள் மிகுந்திருக்கிறது. அப்போது 100 கிராம் மையில் நீலம் சார்ந்த சிவப்பு மையான ரூபின் அரை கிராம் கலந்து, அதே போர்டில் மையை மெல்லிய படலமாகத் தடவிப் பார்க்கும் டிராடவுன் இழுத்து, உலர்ந்தபின் அளந்து பார்க்க வேண்டும். சரிப்பட்டால் 10 கிலோவுக்கு 50 கிராம். நேராக டப்பாவில் ஊற்றிக் கலக்கும் வழக்கத்தில்தான் சிவப்பு கைக்கு அகப்படாமல் போகிறது. கருத்து வருவது பெரும்பாலும் முதல் வகை: மை கூடுதலாக ஓடியிருக்கும். லேமினேஷன் மாறியிருந்தாலும் இப்படித் தெரியும், அதையும் கேட்டுவிடுங்கள்.

மை கலவையை எடை விகிதத்தில் எழுதி வைத்து, தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். முடிந்தால் அந்த விகிதத்தை மை நிறுவனத்திடம் கொடுத்துத் தயாராகவே வாங்கிவிடலாம். போன அச்சில் மிஞ்சிய மையைப் புதிதோடு கலக்கிறார்களா என்று கேளுங்கள். கலக்கலாம், ஆனால் அதன் பிறகு டிராடவுன் எடுக்காமல் மெஷினில் ஏற்றக்கூடாது.

ஓடும்போது ஒவ்வொரு 500 ஷீட்டுக்கும் ஒன்றை எடுத்து, ஷீட்டின் ஓரத்து நிறப்பட்டையான கலர் பாரின் இடம், நடு, வலம் மூன்றிலும் அளந்தால் போதும். ஆஃப்செட் மெஷினில் மையோடு ஓடும் தண்ணீர் அதிகமானால் நிறம் வெளிறும். ஆபரேட்டர் மையைக் கூட்டுவார், அது மேலும் தண்ணீரை இழுக்கும். டென்சிட்டி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

பெட்டியைப் பார்த்து ஒப்புதல் தரும்போது 5000 கெல்வின் விளக்கின் கீழ் பாருங்கள். வேறு நிறமிகளால் செய்த இரண்டு சிவப்புகள் அதில் ஒன்றாகத் தெரிந்து, கடையின் எல்.இ.டி. விளக்கில் பிரிந்து தெரியலாம். அதனால் ஒரு முறை கடை வெளிச்சத்திலும் பார்த்துவிடுங்கள். ஆர்டர் தாளில் பேன்டோன் எண்ணோடு போர்டின் பெயர், ஜி.எஸ்.எம்., லேமினேஷன் வகை, உலர்ந்த நிலையின் L*, a*, b*, டெல்டா ஈ 2000 உச்ச வரம்பு 2 ஆகியவற்றையும் எழுதுங்கள். டூப்ளெக்ஸ் போர்டில் 1 என்று கேட்டால் பிரஸ்காரர் சரியென்று தலையாட்டுவார், ஆனால் போர்டே ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் அவ்வளவு மாறக்கூடும்.